மாவு புளித்தது, அறிக்கை 3.4 என்றது: ஒரு சராசரி தவறிய கதை

சிங்கப்பூரில் பிடோக் நார்த் பக்கம் ஓர் உணவுத் தொழிற்கூடக் கட்டடத்தில் இட்லி மாவு, சட்னி, பனீர் எல்லாம் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு சமையற்கூடம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அங்கே கணக்கு எழுதப் போவேன். வெப்பநிலைப் பதிவு என் வேலை இல்லை. ஆனாலும் அக்டோபர் முதல் வாரத்தில் அது என் மேசைக்கு வந்துவிட்டது.

வந்த காரணம் மாவுதான். இரண்டாம் எண் சில்லரில் வைத்த மாவு அடுத்த நாள் மதியத்துக்குள் புளித்துப் பொங்கி டப்பா மூடியைத் தூக்குகிறது என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை செய்யும் அக்கா செப்டம்பர் மாத அறிக்கையை எடுத்து நீட்டினார். "பாருங்க தம்பி, சராசரி 3.4 டிகிரின்னு போட்டிருக்கு. எங்க வரம்பு 4. இதுல மாவு எப்படிப் புளிக்கும்?"

நான் முதலில் அரிசி, உளுந்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அவர் விடவில்லை. அறிக்கையின் அடியில் இருந்த வேறு இரண்டு எண்களின் மேல் விரலை வைத்தார். காலைச் சராசரி 3.5, மாலைச் சராசரி 3.3. "சாயங்காலம் காலையைவிடக் குளிர்ச்சியாம். நாள் முழுக்க நாங்க கதவைத் திறந்து திறந்து மூடுறோம். நடக்குற காரியமா இது?"

கணினி தெரிந்த நான் கவனிக்காததைச் சில்லர் தெரிந்த அவர் கவனித்துவிட்டார். பிறகு நான் செய்ததெல்லாம் அவருடைய அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான்.

பதிவு நடக்கும் விதம்

சில்லர் கதவுக்கு மேலே ஒரு சிறு திரை இருக்கிறது. காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் யாராவது ஒருவர் அதைப் பார்த்து, கதவில் தொங்கும் தாளில் எழுதுவார். அலுவலகத்தில் இருக்கும் தங்கை அந்தத் தாளைப் பார்த்து எக்ஸெல் கோப்பில் `Log` என்ற தாளில் ஏற்றுவார். அதில் எழுதியவர் பெயர், குறிப்பு, கையொப்பம் வாங்கியதா என்று ஏகப்பட்ட பத்திகள் உண்டு. அச்சடித்துக் கோப்பில் வைப்பதற்கு அது தோதாக இல்லை என்பதால் `Report` என்று இன்னொரு தாள். அதில் தேதி, காலை, மாலை, அன்றைய சராசரி மட்டும். 5ஆம் வரிசையிலிருந்து 34ஆம் வரிசை வரை செப்டம்பரின் 30 நாள்கள், C பத்தியில் காலை, D பத்தியில் மாலை. ஆக 60 கட்டங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சமையற்கூடம் மூடல். செப்டம்பரில் நான்கு ஞாயிறு, அதனால் 8 கட்டங்கள் காலி. சனிக்கிழமை சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள், நான்கு மாலைகள் காலி. இவை போக, ஆர்டர் நெருக்கிய ஏழு நாள்களில் மாலைப் பதிவு விட்டுப்போயிருந்தது. கதவில் தொங்கிய தாளை எடுத்து விரல் விட்டு எண்ணினேன். உண்மையில் எழுதப்பட்டவை 41. காலையில் 26, மாலையில் 15.

`Report` தாளிலும் அந்த நாள்களின் கட்டங்கள் வெறுமையாகத்தான் தெரிந்தன. பார்வைக்கு எல்லாம் சரி. சராசரிக்கு எழுதியிருந்த சூத்திரமும் சாதாரணமானதுதான்:

```
=AVERAGE(C5:D34)
```

காலி கட்டத்தை இந்த AVERAGE கணக்கில் சேர்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சந்தேகத்துக்குப் புதிய தாளில் 4 என்று அடித்து, அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்கடுத்ததில் 6 போட்டுப் பார்த்தேன். 5 என்று வந்தது. நடுவில் 0 என்று அடித்தேன், 3.33 ஆகிவிட்டது. ஆக AVERAGE மேல் குற்றமில்லை. அது எதைக் காலி என்று நினைக்கிறது, நாம் எதைக் காலி என்று நினைக்கிறோம் என்பதில்தான் எங்கோ பிசகு.

எத்தனையால் வகுத்தது?

சராசரி தவறென்று தோன்றினால் நான் முதலில் பார்ப்பது கூட்டுத்தொகையை அல்ல, வகுத்த எண்ணை. மொத்தத்தைச் சராசரியால் வகுத்தால் அது வெளியே வந்துவிடும்.

```
=SUM(C5:D34)/AVERAGE(C5:D34)
=COUNT(C5:D34)
```

மொத்தம் 202.8. சராசரி, முழுதாகப் பார்த்தால், 3.38. வகுத்தால் 60. கீழே இருந்த COUNT-உம் அதையே சொன்னது. எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணுவது COUNT. தாளில் 41 பதிவு இருக்க, இங்கே 60 எண்கள் இருக்கின்றன என்றால் 19 கட்டங்களில் நம் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாலைச் சராசரி காலையைவிடக் குறைந்த மர்மமும் இங்கேயே அவிழ்ந்தது. மாலைப் பதிவுகளின் மொத்தம் 98.8. எழுதப்பட்டவை 15தான், ஆனால் கோப்பு அதை 30ஆல் வகுத்து 3.3 என்றது. காலை மொத்தம் 104, பதிவுகள் 26, அதையும் 30ஆல் வகுத்து 3.5 என்றது. எந்தப் பக்கம் அதிகக் காலியோ அந்தப் பக்கம் அதிகமாகக் குளிர்ந்துவிட்டது. சரியாக வகுத்தால் காலை 4.0, மாலை 6.6. சிங்கப்பூர் உணவு அமைப்பு 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரையிலான வெப்பத்தை உணவுக்கு ஆபத்தானது என்று சொல்கிறது. 6.6 அதற்குள் வருகிறது. எண்ணைச் சொன்னதும் அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து சில்லரைப் பார்க்கப் போய்விட்டார்.

காலிக்குள் இருந்த பூஜ்யம்

ஏழாம் தேதி ஞாயிறு. அதன் காலைக் கட்டத்தில் ஒன்றுமில்லை. அதைச் சொடுக்கிவிட்டு மேலே சூத்திரப் பட்டையைப் பார்த்தேன். அங்கே இருந்தது இது:

```
=Log!C11
```

`Log` தாளின் C11 உண்மையிலேயே காலி. ஆனால் சூத்திரம் எழுதப்பட்ட கட்டம் ஏதாவது ஒரு மதிப்பைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும். "ஒன்றுமில்லை" என்பதை ஒரு விடையாகத் தர எக்ஸெலுக்கு வழியில்லை. அதனால் காலி கட்டத்தைச் சுட்டும் சூத்திரம் 0 என்று தந்துவிடுகிறது. VLOOKUP, XLOOKUP போட்டுத் தேடும்போது கிடைத்த கட்டம் காலியாக இருந்தாலும் இதே கதைதான். ஒட்டுமொத்தமாக 19 காலி கட்டங்களும் `Report` தாளுக்கு வரும்போது 19 பூஜ்யங்களாக மாறிவிட்டன.

அப்படியானால் ஏன் பூஜ்யம் கண்ணில் படவில்லை? அலுவலகத் தங்கையிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமையில எல்லாம் 0.0, 0.0ன்னு அசிங்கமா இருந்துச்சுண்ணே. அதான் மறைச்சுட்டேன்" என்றார். எண் வடிவமைப்பில் இப்படி எழுதியிருந்தார்:

```
0.0;-0.0;;@
```

அரைப்புள்ளிகளால் பிரிந்த நான்கு பகுதிகளில் முதலாவது நேர் எண்ணுக்கு, இரண்டாவது எதிர் எண்ணுக்கு, மூன்றாவது பூஜ்யத்துக்கு, நான்காவது எழுத்துக்கு. மூன்றாவதை வெறுமையாக விட்டால் பூஜ்யம் திரையில் தோன்றாது. தோன்றாதே தவிர அங்கேதான் இருக்கும். (எக்ஸெலின் அமைப்புகளில் ஒரு தாள் முழுதும் பூஜ்யத்தை மறைக்கும் தேர்வு ஒன்றும் உண்டு. அதுவும் இதே வேலையைத்தான் செய்யும்.)

தங்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிக்கை பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்று நினைத்தது தப்பா? முன்பு இருந்தவர் இரண்டு தாள்களிலும் கையாலேயே எண்களை அடித்து வந்தார். அப்போது காலி உண்மையிலேயே காலி. ஒரே எண்ணை இரண்டு தடவை அடிப்பதைத் தவிர்க்க ஜூலையில்தான் இவர் இரண்டு தாள்களையும் இணைத்தார். நல்ல எண்ணம்தான். பழைய அறிக்கைகளைப் பார்த்தால் அந்த இணைப்பு நடந்த மாதம் பளிச்சென்று தெரிகிறது. ஜூனில் 4.1 ஆக இருந்த சராசரி ஜூலையில் 3.0. சில்லர் தானாகவே சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஜூலையைத் திருத்திப் பார்த்தேன், 4.3. சரியாவது எங்கே, கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

கைக்கு வந்த முதல் மருந்து

பூஜ்யங்கள்தானே தொல்லை, அவற்றைத் தவிர்த்துவிட்டால் போச்சு என்று சட்டென்று இப்படி மாற்றினேன்:

```
=AVERAGEIF(C5:D34,"<>0")
```

5.2 என்று வந்தது. ஏறக்குறைய அங்கேயே நிறுத்தியிருப்பேன். பழக்கதோஷத்தில் மறுபடி வகுத்துப் பார்த்தேன். 202.8ஐ 5.2ஆல் வகுத்தால் 39. தாளில் 41 அல்லவா இருக்கிறது, இரண்டு பதிவுகள் எங்கே போயின?

கதவுத் தாளை வரிவரியாகப் பார்த்தபோது கிடைத்தன. 10, 11 தேதிகளில் காலைப் பதிவு 0.0. மாவு புளிக்கிறது என்று யாரோ முந்தின நாள் மாலை சில்லரின் அளவை ஒரேயடியாகக் குறைத்து வைத்திருக்கிறார். இரவு முழுக்கக் கதவு திறக்காததால் அது 0 வரை போயிருக்கிறது. காற்றாடிக்குப் பக்கத்தில் இருந்த கொத்தமல்லி கறுத்துப் போனதும் மறுபடி கூட்டிவிட்டார்கள். அந்த இரண்டும் அசல் பூஜ்யங்கள், தெர்மாமீட்டர் காட்டியவை. `Report` தாளின் வடிவமைப்பு அவற்றையும் சேர்த்தே மறைத்திருந்தது. அச்சடித்த அறிக்கையில் அந்த இரண்டு காலைகளும் பதிவு செய்யாத நாள்களைப் போலவே வெறுமையாக இருந்தன.

மதிப்பெண்ணிலோ சம்பளத்திலோ பூஜ்யம் அபூர்வம் என்பதால் இந்த "<>0" வழி பெரும்பாலும் தப்பித்துவிடும். செல்சியஸில் 0 என்பது ஒரு சாதாரண அளவு. `Report` தாளுக்கு வந்து சேர்ந்த பிறகு 21 பூஜ்யங்களில் எது சொந்தம், எது ஒட்டுப்புல் என்று பிரிக்க எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. வேறுபாடு தொலைவது இணைப்பு நடக்கும் இடத்தில். அதனால் திருத்தமும் அங்கேதான் செய்யவேண்டும்:

```
=IF(Log!C5="","",Log!C5)
```

மூலக் கட்டம் காலி என்றால் வெற்று எழுத்தைத் தா, இல்லையென்றால் இருப்பதைத் தா. அங்கே 0 என்று அடித்திருந்தால் அது காலிக்குச் சமமாகாது, 0 ஆகவே வந்து சேரும். வெற்று எழுத்து எண் இல்லை என்பதால் AVERAGE அதைக் கடந்துபோய்விடும். எல்லாக் கட்டங்களிலும் இதை நிரப்பியதும் COUNT 41 என்றது, சராசரி 4.9 என்றது. மறைப்பு வடிவமைப்பையும் எடுத்துவிட்டேன். 10, 11 தேதிகளில் 0.0 வெளியே வந்தது.

இங்கே ஓர் இடறல் உண்டு. AVERAGE இருக்கிற இடத்தில் யாராவது AVERAGEA என்று போட்டிருந்தால் இந்தத் திருத்தம் பலிக்காது. அது எழுத்தையும் 0 என்று எடுத்துக்கொள்ளும், வெற்று எழுத்தாக இருந்தாலும். சோதித்துப் பார்த்தேன், பழைய 3.38 அப்படியே திரும்பி வந்தது.

திருத்தியதும் உடைந்தது

திருத்தம் போட்ட அடுத்த நொடி E பத்தியில் 15 இடங்களில் `#VALUE!` என்று கத்தியது. தங்கை பயந்துவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அந்தப் பத்தி ஒவ்வொரு நாளின் சராசரியைக் காட்டுவது. அதில் இருந்த சூத்திரம்:

```
=(C5+D5)/2
```

மாலைப் பதிவு இல்லாத நாளில் இது காலை அளவைப் பாதியாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. காலை 4.4, மாலை காலி என்றால் அன்றைய சராசரி 2.2! இங்கே இணைப்பைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது. கட்டம் நிஜமாகவே காலியாக இருந்தாலும் கூட்டல் குறி அதை 0 என்றுதான் எடுத்துக்கொள்ளும். மேலே 2 என்று கையால் எழுதிவிட்டால் வகுப்பதும் எப்போதும் இரண்டால்தான். இப்போது வெற்று எழுத்தைக் கூட்டத் தெரியாமல் பிழை காட்டியதால் மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்டமும் காலி, அப்போது வெறும் AVERAGE வகுக்க எண்ணில்லாமல் `#DIV/0!` என்று நிற்கும் என்பதால் அதற்கும் சேர்த்து எழுதினேன்:

```
=IF(COUNT(C5:D5)=0,"",AVERAGE(C5:D5))
```

சுவரில் மாட்டும் கோட்டு வரைபடம் மட்டும் அடங்க மறுத்தது. வெற்று எழுத்துள்ள கட்டத்தை வரைபடம் 0 என்றே வரையும், கோடு ஞாயிறுதோறும் தரைக்குக் குதித்து ஏறும். வெற்று எழுத்துக்குப் பதிலாக NA() கொடுத்தால் கோடு குதிக்காது, ஆனால் AVERAGE பிழையாகிவிடும். இரண்டையும் ஒரே பத்தியில் திருப்திப்படுத்தப் பார்க்காமல், வரைபடத்தை நேராக `Log` தாளிலிருந்தே எடுக்கும்படி மாற்றிவிட்டேன். அங்கே காலி நிஜக் காலி, கோடு அந்த இடத்தில் விட்டுப் போகும். சொல்லப்போனால் சராசரியையும் `Log` தாளிலிருந்தே எடுத்திருந்தால் இந்தக் கூத்தே வந்திருக்காது.

4.9 மட்டும் சரியா?

எழுதப்பட்ட 41 பதிவுகளின் சராசரி 4.9. கணக்குப்படி சரி. ஆனால் அதைச் சில்லரின் மாதச் சராசரி என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. விட்டுப்போன 19 கட்டங்களில் 15 மாலை நேரத்தவை. அவற்றில் ஏழு, ஆர்டர் நெருக்கி, கதவு அதிகம் திறந்த நாள்கள். சூடு அதிகமாக இருந்திருக்கக்கூடிய வேளைகளில்தான் எழுத ஆள் இல்லை. ஆக அந்த ஏழையும் எழுதியிருந்தால் 4.9ஐத் தாண்டித்தான் போயிருக்கும். எவ்வளவு என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. காலையையும் மாலையையும் தனித்தனியாகக் காட்டுவதே நேர்மை என்று பட்டது. அதனால் அறிக்கையின் அடியில் ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் அதன் பதிவு எண்ணிக்கையைச் சேர்த்தேன்: காலை 4.0 (26), மாலை 6.6 (15).

இன்னொன்று. உணவு கெடுவதற்குச் சராசரி ஒரு பொருட்டில்லை. வரம்பை எத்தனை முறை தாண்டியது என்பதுதான் அக்காவுக்கு வேண்டியது. அதற்கு `=COUNTIF(C5:D34,">4")` போட்டேன், 27 வந்தது. மாலைப் பதிவு 15இல் 14 வரம்புக்கு மேல். இதில் ஒரு வேடிக்கை: பூஜ்யம் எதுவும் 4ஐத் தாண்டாது என்பதால் இந்த எண் பழைய கோப்பிலும் 27தான். ஜூலையிலிருந்தே யாராவது இதைக் கேட்டிருந்தால் கோப்பு உண்மையைச் சொல்லியிருக்கும்.

எல்லாக் காலியையும் இப்படியே மாற்றிவிடலாம் என்று தங்கை கிளம்பியபோது நிறுத்தவேண்டியிருந்தது. அதே `Log` தாளில் வீணான மாவு எத்தனை கிலோ என்று ஒரு பத்தி உண்டு. அங்கே வேலை நாளில் கட்டம் காலி என்றால் அன்று எதுவும் வீணாகவில்லை என்று பொருள். அதை 0 என்று எடுத்துச் சராசரி போடுவதுதான் சரி, காலியை ஒதுக்கினால் வீணான நாள்களின் சராசரி மட்டும் வந்து பயமுறுத்தும். ஒரே தாளில் இரண்டு பத்தி, இரண்டு விதக் காலி. எது எப்படி என்பதை எழுதுகிறவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். இப்போது வெப்பநிலைக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, குறிப்புப் பத்தியில் ஞாயிற்றுக்கிழமைக்கு "மூடல்" என்றும், விட்டுப்போன வேளைக்கு "பதிவில்லை" என்றும் அடிக்கச் சொல்லியிருக்கிறோம்; வீணான மாவுப் பத்தியில், வீணாகாத நாளில் 0.

இதற்கிடையே சில்லரைப் பார்க்க ஆள் வந்தார். கதவிடுக்கில் ஒரு தாள் துண்டை வைத்து மூடிவிட்டு இழுத்தார். கீழ்ப் பக்கம் இழுத்த இடத்திலெல்லாம் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் கேஸ்கெட் விறைத்துப் போயிருந்தது. மாற்றினார்கள்.

நவம்பர் முதல் வாரம் அக்கா போன் செய்தார். "தம்பி, அக்டோபர் அறிக்கை வந்துருச்சு. கேஸ்கெட் மாத்துனதுக்கு அப்புறம் மாலைச் சராசரி 3.3ங்குது. போன தடவையும் இதே நம்பர்தானே சொல்லுச்சு?"

"பக்கத்துல அடைப்புக்குறியில எத்தனை போட்டிருக்குக்கா?"

கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம். "பதினெட்டு. நான் வேலை நாளை எண்ணிப் பாத்தேன், அதுவும் பதினெட்டுதான். சனிக்கிழமைக்கும் ஆள் போட்டுட்டேன்."